பேரிங் கையிலேயே இறங்கினால்: குறையுள்ள லாட்டுக்கு மாற்று அல்லது கிரெடிட் கேட்டு எழுதுவது எப்படி

பம்ப் மோட்டார் அசெம்பிள் செய்கிற சின்ன யூனிட் ஒன்றில் தரச் சோதனையும் ஸ்டோர்ஸும் சேர்த்துப் பார்க்கிற ஆள் நான். கோயம்புத்தூரில் இந்த அளவு யூனிட்களில் பெரும்பாலும் இரண்டு வேலைக்கும் ஒரே ஆள்தான். வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் திணறும் இடங்களில் ஒன்று, வந்த சரக்கில் குறை இருக்கும்போது செய்து கொடுத்த கம்பெனிக்கு எழுதுவது. கோபமாக எழுதுவார்கள், நீளமாக எழுதுவார்கள், ஆனால் படிக்கிறவருக்கு என்ன செய்ய வேண்டும் என்றே புரியாது. நானும் ஆரம்பத்தில் "லாட் முழுக்க மோசம், உடனே நடவடிக்கை எடுக்கவும்" என்று எழுதியவன்தான். "எங்களிடம் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினோம்" என்று ஒரு வரிப் பதில் வந்தது. அதற்கு மேல் பேச என் கையில் எதுவும் இல்லை.

அதனால் எங்களிடம் நடந்த ஒரு ஷாஃப்ட் விவகாரத்தை வைத்தே முதலிலிருந்து சொல்கிறேன். நீங்கள் வாங்குவது போல்ட்டாகவோ புஷ்ஷாகவோ இருக்கலாம், போகிற பாதை பெரிதாக மாறாது.

நடந்தது

மார்ச் 3-ஆம் தேதி 1000 ஷாஃப்ட் வந்தது. ஐந்து பெட்டி, பெட்டிக்கு 200. ஃபேன் பக்கத்தில் 6204 பேரிங் உட்காரும் இடம் 20 மில்லிமீட்டர், டிராயிங்கில் k6 டாலரன்ஸ். அதாவது அளவு 20.002-க்கும் 20.015-க்கும் நடுவில் இருக்க வேண்டும். சாதாரண வகை 6204-இன் உள் துளை 20.000-இலிருந்து 19.990 வரை இருக்கும். ஆக ஷாஃப்ட் எப்போதும் துளையைவிடக் கொஞ்சம் பெரிது, பேரிங்கைப் பிரஸ் வைத்தோ சூடு பண்ணியோதான் ஏற்ற முடியும். மறுநாள் நான்காம் பெட்டியைத் திறந்த ஃபிட்டர் என்னைக் கூப்பிட்டார். "ஏனுங்க சார், இது கையிலயே இறங்குதுங்க."

பேரிங் கையில் இறங்கினால் வேலை சுலபம் என்று யாரும் சந்தோஷப்படக் கூடாது. மோட்டார் ஓடும்போது பேரிங்கின் உள் வளையம் ஷாஃப்டோடு சேர்ந்து சுற்றாமல் அதன்மேல் மெல்ல நழுவும், ஷாஃப்ட் தேயும், சூடாகும், சத்தம் வரும். ஆறு மாதம் கழித்து விவசாயி வீட்டுக் கிணற்றடியிலிருந்து போன் வரும்.

முதல் வேலை: நிறுத்துவது

எழுதுவதற்கு முன்னால் லாட் முழுவதையும் தனியே எடுத்து வைத்து, "நிறுத்தி வைக்கப்பட்டது" என்று தேதியோடு அட்டை கட்டுங்கள். குறை என்று சொல்லிக்கொண்டே சரக்கை எடுத்துப் பயன்படுத்தினால் உங்கள் கேஸ் அங்கேயே பலவீனமாகிவிடும். 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 42-ஆம் பிரிவுப்படி, வாங்கியவர் சரக்கைத் தன்னுடையதாகவே நடத்தத் தொடங்கினாலும், நியாயமான காலத்துக்குள் "வேண்டாம்" என்று சொல்லாமல் வைத்துக்கொண்டாலும் ஏற்றுக்கொண்டதாகவே ஆகும்.

"நியாயமான காலம்" எத்தனை நாள் என்று அந்தச் சட்டம் எண் எதுவும் சொல்லவில்லை. ஆனால் சப்ளையர் பதிவு பெற்ற குறு அல்லது சிறு நிறுவனமாக இருந்தால் இன்னொரு கணக்கு இருக்கிறது. 2006-ஆம் ஆண்டு எம்எஸ்எம்இ சட்டப்படி, சரக்கு வந்த நாளிலிருந்து 15 நாளுக்குள் ஆட்சேபம் எழுத்தில் போக வேண்டும். போகாவிட்டால் சரக்கு வந்த அன்றே ஏற்றுக்கொண்டதாக வைத்துப் பணம் கொடுக்க வேண்டிய நாள் ஓடத் தொடங்கும், தாமதமானால் வட்டியும் சேரும். போனில் சொன்னேன், வாட்ஸ்அப்பில் வாய்ஸ் அனுப்பினேன் என்பதை நம்பி உட்கார வேண்டாம். போனில் சொல்லுங்கள், மரியாதைக்கு அது வேண்டும்தான், ஆனால் அன்றே மெயிலும் போகட்டும்.

அளப்பது: சண்டை எல்லாம் இங்கேதான்

இந்தப் பகுதியில் கொஞ்சம் பொறுமையாக இருங்கள். கடிதம் ஜெயிப்பதும் தோற்பதும் மைக்ரோமீட்டரில்தான் என்பது என் அனுபவம். நாம் பேசுவது ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டரை, பட்டறை வழக்கில் ஒரு மைக்ரானை. ஷாஃப்ட் 10 டிகிரி சூடு ஏறினாலே 20 மில்லிமீட்டர் விட்டம் ஏறக்குறைய 2.3 மைக்ரான் கூடிவிடும். கிரைண்டிங்கிலிருந்து வந்த சூட்டோடு அளந்து "சரி" என்று பெட்டியில் போட்டால், ஆறியதும் 4, 5 மைக்ரான் காணாமல் போய்விடும். நம் பக்கத் தப்பும் உண்டு. மைக்ரோமீட்டரை ரொம்ப நேரம் கையில் பிடித்திருந்தால் அதன் ஃபிரேம் சூடேறி விரியும், அளவு குறைத்துக் காட்டும். நல்ல ஷாஃப்டையே குறை என்று எழுதிவிடுவோம்.

அதனால் ஷாஃப்டுகளின் துரு தடுப்பு எண்ணெயைத் துடைத்துவிட்டு, மைக்ரோமீட்டர் இருக்கிற அறையிலேயே ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். காலையில் மைக்ரோமீட்டரை ஸ்டாண்டில் மாட்டி, துல்லியமான 20 மில்லிமீட்டர் அளவுக் கட்டையான ஸ்லிப் கேஜை வைத்துப் பாருங்கள். வெறும் பூஜ்யம் பார்த்தால் போதாது, எந்த அளவில் வேலை செய்கிறோமோ அந்த அளவிலேயே கருவி சரியாகக் காட்டுகிறதா என்று தெரிய வேண்டும். ஆரம்பத்தில் ஒருமுறை, நடுவில் ஒருமுறை, முடிவில் ஒருமுறை ஸ்லிப் கேஜ் வைத்து, அந்த மூன்று எண்ணையும் தாளில் எழுதுங்கள். பிற்பாடு எதிராளி கேட்கிற முதல் கேள்வி உங்கள் கருவியைப் பற்றித்தான்.

எத்தனை எடுப்பது? கண்ணில் பட்டதை எடுக்காதீர்கள். நாங்கள் ஐஎஸ் 2500 முதல் பகுதியின் அட்டவணையை வைத்துக்கொள்கிறோம், உலக அளவில் ஐஎஸ்ஓ 2859-1 என்பதும் இதே முறைதான். 1000 உருப்படி லாட்டுக்குப் பொதுவான இரண்டாம் நிலையில் 80 எடுக்க வேண்டும். ஏக்யூஎல், அதாவது ஏற்கத்தக்க குறையின் அளவு, 1.0 என்று வைத்தால், அந்த 80-ல் 2 வரை குறை இருந்தால் லாட் பாஸ், 3 வந்தால் திருப்பலாம். இது பர்சேஸ் ஆர்டரில் எழுதியிருந்தால்தான் அவரைக் கட்டுப்படுத்தும். எங்கள் ஆர்டரில் அந்த வரி இருந்தது. உங்களுடையதில் இல்லையென்றால் அடுத்த ஆர்டரிலாவது சேர்த்துவிடுங்கள், ஒரு வரிதான்.

பெட்டிக்கு 16 வீதம் 80 எடுத்தோம். ஒவ்வொரு ஷாஃப்டிலும் பேரிங் உட்காரும் இடத்தின் இரு முனையிலும், ஒவ்வொரு முனையிலும் ஒன்றுக்கொன்று குறுக்காக இரண்டு முறை, ஆக நான்கு அளவு. ஓர் இடத்தில் மட்டும் அளந்தால் அது சாய்வா, நீள்வட்டமா, மொத்தமாகவே குறைவா என்று தெரியாது. ஷாஃப்டுக்கு எண் போடுவதற்குப் பெயின்ட் மார்க்கர் போதும், பேரிங் இடத்தைத் தவிர எங்கே வேண்டுமானாலும் எழுதலாம். பஞ்ச் அடித்துவிடாதீர்கள், அப்புறம் "நீங்கள் அடித்ததில் கெட்டுப்போச்சு" என்பார்கள்.

80-ல் 11 குறைவாக வந்தது. அந்த 11-இல் 7 நான்காம் பெட்டியில், 4 ஐந்தாம் பெட்டியில், முதல் மூன்று பெட்டியில் ஒன்றுகூட இல்லை. பெட்டியில் கட்டியிருந்த அட்டையைப் பார்த்தால், முதல் மூன்றுக்கும் ஒரு கிரைண்டிங் தேதி, கடைசி இரண்டுக்கும் வேறு தேதி. சும்மா எல்லாவற்றையும் கொட்டிக் கலந்து 80 எடுத்திருந்தால் இது தெரிந்தே இருக்காது. அந்த இரண்டு பெட்டியையும் முழுசாக, 400-ஐயும் அளந்தோம். நான்காவதில் 91, ஐந்தாவதில் 47, மொத்தம் 138.

இதில் 14 ஷாஃப்டின் குறைந்தபட்ச அளவு 20.000 அல்லது 20.001. எல்லையிலிருந்து ஒன்றிரண்டு மைக்ரான்தான் தள்ளி நிற்கிறது. மைக்ரோமீட்டரே அந்த அளவு முன்பின் காட்டக்கூடியது, அதை வைத்துக்கொண்டு ஒருவர் தலையில் குறை சுமத்த முடியாது. இவற்றைத் தனியாகக் காட்டினோம். இப்படிச் செய்தால் நம் பணம் போய்விடும் என்று எங்கள் அக்கவுண்டன்ட் முகம் சுளித்தார். ஆனால் சந்தேகமான 14-ஐ நீங்களே ஒதுக்கி வைத்தால் மற்ற 124-ஐப் பற்றி அவர் வாய் திறப்பது கஷ்டம்.

முதல் மூன்று பெட்டியிலும் 48-ல் ஒன்றும் வரவில்லை, அதற்காக மீதி 552-உம் சுத்தம் என்று எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். 48-ல் பூஜ்யம் வந்தாலும் நூற்றுக்கு ஆறு வரை குறை ஒளிந்திருக்க இடம் உண்டு. அளவு எல்லைக்குள் இருக்கிறதா என்று மட்டும் காட்டும் ஸ்னாப் கேஜை அசெம்பிளியில் வைத்து ஒவ்வொன்றையும் பார்த்துப் பயன்படுத்துகிறோம் என்பதைக் கடிதத்திலேயே சொல்லிவிட்டோம்.

இணைப்புகள்

எக்செல் ஃபைலையே அனுப்புங்கள், கூடவே அதன் பிடிஎஃப். வெறும் ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினால் அவர்களுடைய ஆள் எண்களைத் திரும்ப அடிக்க வேண்டும், அடிக்க மாட்டார். சராசரியை மட்டும் அனுப்புவது அதைவிட மோசம், 80-இன் சராசரி எல்லைக்குள் அழகாக விழுந்து 11-ஐயும் மறைத்துவிடும். எங்கள் ஃபைல் இப்படித்தான் இருந்தது (தோள் என்பது ஷாஃப்டின் பருமன் மாறும் படி):

| எண் | பெட்டி | முனை 0° | முனை 90° | தோள் 0° | தோள் 90° | முடிவு |
|---|---|---|---|---|---|---|
| 1-03 | 1 | 20.008 | 20.007 | 20.009 | 20.008 | சரி |
| 4-05 | 4 | 19.996 | 19.997 | 19.998 | 19.997 | குறைவு |
| 4-11 | 4 | 20.001 | 20.001 | 20.003 | 20.002 | எல்லையில் |
| 5-02 | 5 | 19.999 | 19.998 | 20.000 | 20.000 | குறைவு |

ஃபைலின் மேல் பகுதியில், அளந்த தேதி, அறை வெப்பநிலை, மைக்ரோமீட்டரின் எண், அதன் காலிபரேஷன் சான்றிதழ் எண், ஸ்லிப் கேஜ் வைத்த மூன்று அளவு. அதற்கு மேல் நான்கு போட்டோ போதும். ஷாஃப்ட் எண்ணும் மைக்ரோமீட்டர் திரையும் ஒரே படத்தில் தெரிய வேண்டும், பெட்டி அட்டை இன்னொன்றில். பில், டெலிவரி ரசீது, டிராயிங் நகல் ஆகியவற்றைச் சேருங்கள். டிராயிங்கில் எந்த ரிவிஷன் என்பதை இரண்டு முறை பாருங்கள். அவர் கையில் பழைய ரிவிஷன் இருந்து, அதை நீங்கள் மாற்றிச் சொல்லாமல் விட்டிருந்தால் தப்பு உங்களுடையது. மெயில் அனுப்புவதற்கு முன்னால் அது தெரிவது நல்லது.

கடிதம்

நீளம் ஒரு பக்கம். காரணம் என்னவாக இருக்கும் என்று ஊகித்து எழுதாதீர்கள். "உங்கள் ஆபரேட்டர் சூட்டோடு அளந்திருப்பார்" என்று எழுதினால், சூட்டோடு அளக்கவில்லை என்று நிரூபிப்பதிலேயே ஒரு வாரம் போகும், ஷாஃப்ட் குறைவு என்பது பின்னால் போய்விடும். நாங்கள் எழுதியது ஏறக்குறைய இது:

> பொருள்: பர்சேஸ் ஆர்டர் எண் ___, பில் எண் ___, ஷாஃப்ட் 1000 – பேரிங் இடம் அளவு குறைவு, 138 எண்ணம் நிராகரிப்பு
>
> ஐயா,
>
> மார்ச் 3 அன்று எங்களுக்கு வந்த 1000 ஷாஃப்டில், 6204 பேரிங் இடத்தின் அளவு டிராயிங்கில் உள்ள 20.002–20.015-க்குக் கீழே இருப்பதை மார்ச் 4 அன்று அசெம்பிளியில் கண்டோம். அன்றே லாட்டை நிறுத்திவிட்டோம். எதுவும் மோட்டாரில் பொருத்தப்படவில்லை.
>
> ஆர்டரில் ஒப்புக்கொண்ட முறைப்படி 80 எண்ணம் சோதித்ததில் 11 குறைவு (அனுமதி 2). இவை அனைத்தும் 4, 5-ஆம் பெட்டிகளில் உள்ளவை. அந்த இரு பெட்டிகளிலும் உள்ள 400-ஐயும் அளந்ததில் 138 குறைவு. இதில் 124 தெளிவாகக் குறைவு, 14 எல்லையில் உள்ளவை. ஒவ்வொன்றின் அளவும் இணைப்பில் உள்ளது.
>
> 1 முதல் 3 வரையிலான பெட்டிகளில் எடுத்த 48-ல் குறை இல்லை. அவற்றை ஒவ்வொன்றாக ஸ்னாப் கேஜில் பார்த்துப் பயன்படுத்துவோம், அதில் குறை வந்தால் தனியாகத் தெரிவிப்போம்.
>
> எங்களுக்கு வேண்டியது: நிராகரித்தவற்றுக்கு மாற்று ஷாஃப்ட் மார்ச் 17-க்குள். அதற்குள் தர முடியாத எண்ணிக்கைக்கு, ஒன்று ரூ.340 வீதம் வரியுடன் கிரெடிட் நோட். எது, எத்தனை என்று மார்ச் 10-க்குள் எழுதித் தெரிவிக்கவும்.
>
> குறைந்த ஷாஃப்டுகள் எண் போட்டுத் தனியே வைக்கப்பட்டுள்ளன. உங்கள் மைக்ரோமீட்டரோடு ஒருவரை அனுப்பினால் சேர்ந்து அளந்து பார்க்கலாம். எல்லையில் உள்ள 14-ஐயும் அப்போதே முடிவு செய்யலாம்.

பல பேர் கோட்டைவிடுவது "எங்களுக்கு வேண்டியது" என்கிற பத்தியில். "தகுந்த நடவடிக்கை எடுக்கவும்" என்று எழுதினால் எதிராளிக்குச் செய்ய ஒன்றும் இல்லை. மாற்றா கிரெடிட்டா என்பதை நீங்கள் முதலில் முடிவு பண்ணுங்கள். உங்களுக்கு மோட்டார் ஆர்டர் காத்திருந்தால் மாற்றுதான் வேண்டும், அவர் மேல் நம்பிக்கை போய்விட்டது என்றால் கிரெடிட் வாங்கிக்கொண்டு வேறு இடத்தில் வாங்கலாம். தேதி இரண்டு வேண்டும், பதிலுக்கு ஒன்று, சரக்குக்கு ஒன்று.

அளந்து பார்த்த கூலி, லைன் நின்ற நஷ்டம் இதையெல்லாம் கேட்கலாமா என்று கேட்பார்கள். ஆர்டரில் எழுதியிருந்தால் கேளுங்கள். எழுதாமல் முதல் கடிதத்திலேயே பெரிய தொகையைப் போட்டால், ஷாஃப்ட் மாற்றித் தர மனசு வந்தவர்கூட வக்கீலைப் பார்க்கப் போய்விடுவார்.

பதில் வந்த பிறகு

எதிர்பார்த்த பதில்தான் வந்தது. "நாங்க அளந்து பார்த்துட்டுத்தானுங்க அனுப்பினோம்." ஆனால் இந்த முறை எங்களிடம் எண் போட்ட 138 ஷாஃப்ட் இருந்தது. அவர்களுடைய ஆள் மைக்ரோமீட்டரோடு வந்தார். ஷாஃப்டைத் தொடுவதற்கு முன்னால் இரண்டு பேருடைய கருவியையும் ஒரே ஸ்லிப் கேஜில் வைத்தோம், இதை மறக்கவே மறக்காதீர்கள். அவருடையது 4 மைக்ரான் கூட்டிக் காட்டியது. அதற்கப்புறம் பேச்சு வேறு மாதிரி போனது. மீதி எங்கே குறைந்தது என்று அவர்கள் சொல்லவில்லை, நானும் நோண்டவில்லை. எல்லையில் இருந்த 14-இல் 9-ஐ நாங்கள் ஏற்றுக்கொண்டோம், 129 நிராகரிப்பு. இரண்டு பேரும் தாளில் கையெழுத்துப் போட்டோம்.

குறித்த தேதிக்குள் 80 மாற்று மட்டும் தர முடியும் என்றார்கள். மீதி 49-க்குக் கிரெடிட். 340 வீதம் 16,660 ரூபாய், 18 சதவீத வரி 2,998.80, மொத்தம் 19,658.80.

ஒரு விஷயத்தில் புதியவர்கள் அடிக்கடி குழம்புகிறார்கள். நம் புத்தகத்தில் டெபிட் நோட் போட்டுவிட்டால் வரி தானாகக் குறைந்துவிடாது. ஜிஎஸ்டி சட்டத்தின் 34-ஆம் பிரிவில் வரியைக் குறைக்கிற கிரெடிட் நோட்டைப் போட வேண்டியவர் சப்ளையர்தான், அதற்கேற்ப நாம் எடுத்திருந்த உள்ளீட்டு வரியைத் திருப்ப வேண்டும். அவர் அதைக் கணக்கில் காட்டுவதற்கு, சப்ளை நடந்த நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30 வரைதான் நேரம், அதற்கு முன்னால் ஆண்டு ரிட்டர்ன் போட்டுவிட்டால் அதுவரைதான். எங்களுடையது மார்ச் பில், ஆகவே அதே வருட நவம்பர். சரக்கைத் திருப்பி அனுப்பும்போது டெலிவரி சலானில் பழைய பில் எண்ணும் "நிராகரிக்கப்பட்ட சரக்கு" என்பதும் இருக்கட்டும். மாற்றுச் சரக்கு எந்த ஆவணத்தில் வர வேண்டும் என்பதை வண்டி கிளம்புவதற்கு முன்னால் இரண்டு பக்க அக்கவுண்டன்டும் பேசிக்கொள்ளட்டும்.

மாற்றாக வந்த 80-ஐயும் ராத்திரி அறையில் வைத்து, காலையில் ஒன்றுவிடாமல் அளந்தோம். எல்லாம் 20.006-இலிருந்து 20.011-க்குள். கிரெடிட் நோட் மெயிலில் வந்த அன்றைக்கே ஃபைலை மூடவில்லை, அடுத்த மாதம் ஜிஎஸ்டி தளத்தில் நம் உள்ளீட்டு வரியைக் காட்டும் `GSTR-2B` அறிக்கையில் அந்த 19,658.80 வந்து விழுந்ததைப் பார்த்த பிறகுதான் மூடினேன்.